பத்துக் கோடி கூடுதல் விற்பனைக்கு எவ்வளவு பணம் வேண்டும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். போன வருடம் 40 கோடி ரூபாய்க்கு விற்றிருக்கிறது. வருகிற வருடத்துக்கு 50 கோடிக்கு ஆர்டர் கையில் இருக்கிறது. விற்பனையில் நூற்றுக்கு 5 ரூபாய், வரி போக, லாபமாக நிற்கிறது. கடன் தவணைகளும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கின்றன. இத்தனை நல்ல செய்திக்கு நடுவில் ஆடிட்டர் மட்டும், "மூணு கோடி வெளியில இருந்து ஏற்பாடு பண்ணணுங்க" என்கிறார்.

"லாபத்துலதானுங்க ஓடுது, அப்புறம் எதுக்குக் கடன்?" என்று முதலாளி கேட்பது நியாயமான கேள்விதான். வளரும் தொழிலில் லாபமும் பணத்தட்டுப்பாடும் ஒரே வருடத்தில் சேர்ந்து வருவது சாதாரணம். அந்தத் தட்டுப்பாடு எவ்வளவு என்று முன்கூட்டியே மதிப்பிட உலகம் முழுக்கப் பயன்படும் எளிய வழி, விற்பனை விகித முறை. வங்கிக்குக் கொடுக்கும் சி.எம்.ஏ. டேட்டாவில் வருகிற வருடத்துக்கான பல வரிகள் இந்த முறையில்தான் நிரப்பப்படுகின்றன. முறை எளிது. ஆனால் அதற்குள் இருக்கும் இரண்டு எண்களை மாற்றும்போது பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, லாபத்தில் டிவிடெண்டாக எடுக்கும் பங்கு. மற்றது, ஒரு ரூபாய் விற்பனைக்கு எத்தனை பைசா சொத்து தேவை என்ற அளவு. இதை மூலதனச் செறிவு என்பார்கள்.

முதலில் ஆடிட்டர் சொன்ன மூன்று கோடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் கம்பெனியின் சொத்துகள் 24 கோடி. இயந்திரமும் கட்டடமும் 9 கோடி. நூல், துணி, தைத்து முடித்த சரக்கு, வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து 15 கோடி. விற்பனை 40 கோடி என்பதால், ஒரு ரூபாய் விற்பனைக்கு 60 பைசா சொத்து. விற்பனை 50 கோடியானால், இதே விகிதத்தில் 30 கோடிச் சொத்து வேண்டும். கூடுதல் 6 கோடி.

இந்த ஆறு கோடி முழுவதையும் கம்பெனி தேட வேண்டியதில்லை. விற்பனை கூடினால் நூல் மில்லுக்குத் தர வேண்டிய பாக்கியும், நிட்டிங், டையிங் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கான பில்லும் தாமாகவே கூடும். யாரிடமும் போய் விண்ணப்பிக்காமல், வட்டியில்லாமல் வந்து சேரும் கடன் இது. இப்போது இது 6 கோடி, அதாவது ஒரு ரூபாய் விற்பனைக்கு 15 பைசா. 50 கோடி விற்பனையில் ஏழரைக் கோடியாகும். கூடுதல் ஒன்றரைக் கோடி.

மூன்றாவது, லாபம். 50 கோடியில் 5 சதவீதம் என்றால் இரண்டரைக் கோடி. இந்தக் குடும்பம் லாபத்தில் 40 சதவீதத்தை, அதாவது ஒரு கோடியை, டிவிடெண்டாக எடுத்துக்கொள்கிறது. மீதி ஒன்றரைக் கோடி தொழிலிலேயே தங்குகிறது. ஆக:

நிதிப் பற்றாக்குறை = சொத்தில் கூடுதல் − தானாக வரும் கடனில் கூடுதல் − தொழிலில் தங்கும் லாபம்

ஆறிலிருந்து ஒன்றரை, இன்னொரு ஒன்றரை போனால் மிச்சம் மூன்று கோடி. இதை வங்கிக் கடனாகவோ புதுப் பங்கு மூலதனமாகவோ கொண்டுவர வேண்டும்.

டிவிடெண்டையும் தங்கும் லாபத்தையும் 40 கோடியில் போடாமல் 50 கோடியில் போட்டதைக் கவனிக்க வேண்டும். வருகிற வருடத்துக்கான செலவை, வருகிற வருடத்து லாபம்தான் ஓரளவு தாங்குகிறது. சொத்தும் கடனும் வித்தியாசமாக வருகின்றன. லாபம் முழு வருடத்துக்கும் வருகிறது. சூத்திரத்தில் இவை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் இரண்டும் ஒரே ஜாதி என்று தோன்றும். அது உண்மையில்லை.

இனி டிவிடெண்டை அசைத்துப் பார்ப்போம். குடும்பம் 40 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் மட்டும் எடுத்தால் தங்கும் லாபம் இரண்டு கோடியாகும். பற்றாக்குறை இரண்டரைக் கோடியாகக் குறையும். 60 சதவீதம் எடுத்தால் மூன்றரைக் கோடியாக ஏறும். ஒவ்வொரு பத்து சதவீதத்துக்கும் 25 லட்சம். ஒரு பைசாவும் எடுக்காமல் வயிற்றைக் கட்டினாலும் பற்றாக்குறை இரண்டு கோடிக்குக் கீழே இறங்காது. மொத்த லாபத்தையும் எடுத்துவிட்டாலும் நாலரைக் கோடிக்கு மேலே போகாது. டிவிடெண்டின் வீச்சு அந்த வருட லாபத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. லாப விகிதம் மெலிதாக உள்ள தொழிலில் அது மிகவும் குறுகிய வீச்சு. பார்ட்னர்ஷிப் கம்பெனியாக இருந்தால் டிவிடெண்ட் என்ற பெயர் இருக்காது. பங்குதாரர்கள் கல்யாணத்துக்கும் நிலம் வாங்கவும் கணக்கிலிருந்து எடுக்கும் பணம்தான் அந்த இடத்தில் வரும். கணக்கு ஒன்றுதான்.

அடுத்தது மூலதனச் செறிவு. கம்பெனி சரக்கை இன்னும் வேகமாக அனுப்பி, பாக்கியை இன்னும் விரட்டி வசூல் செய்து, 60 பைசாவை 56 பைசாவாக இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பைசா. 365 நாளில் நான்கு சதவீதம் என்றால் கிட்டத்தட்ட பதினைந்து நாள். ஆர்டர் துணியாக உள்ளே நுழைந்து பணமாகத் திரும்பும் காலத்தில் பதினைந்து நாள் குறைகிறது. இப்போது 50 கோடி விற்பனைக்குத் தேவையான சொத்து 28 கோடி. கூடுதல் நான்கு கோடிதான். ஒன்றரையும் ஒன்றரையும் கழித்தால் பற்றாக்குறை ஒரு கோடி.

மொத்த டிவிடெண்டையும் நிறுத்தினால் மிச்சம் ஒரு கோடி. பதினைந்து நாளைக் குறைத்தால் மிச்சம் இரண்டு கோடி. காரணம் எளிது. அந்த நான்கு பைசா, புதிதாக வந்த பத்துக் கோடி விற்பனையில் மட்டும் மிச்சமாகவில்லை. பழைய நாற்பது கோடிக்காக ஏற்கெனவே முடங்கிக் கிடந்த சரக்கிலிருந்தும் பாக்கியிலிருந்தும் அது பணத்தை வெளியே எடுக்கிறது.

ஆனால் இதை மட்டும் பார்த்து டிவிடெண்டை அலட்சியம் செய்துவிடக் கூடாது. அடுத்த வருடமும் 25 சதவீத வளர்ச்சி, விற்பனை அறுபத்திரண்டரைக் கோடி என்று போட்டுப் பாருங்கள். 60 பைசாவும் 40 சதவீத டிவிடெண்டும் அப்படியே தொடர்ந்தால் அந்த வருடப் பற்றாக்குறை 3.75 கோடி. 56 பைசாவிலேயே நின்றிருந்தால் 3.25 கோடி, மிச்சம் ஐம்பது லட்சம்தான். டிவிடெண்டை நிறுத்தியே வைத்திருந்தால் இரண்டரைக் கோடி; மிச்சம் ஒன்றேகால் கோடி. முதல் வருடம் ஜெயித்தது பதினைந்து நாள். இரண்டாம் வருடம் ஜெயிப்பது டிவிடெண்ட். வீட்டு அட்வான்ஸுக்கும் மாத வாடகைக்கும் உள்ள உறவு போன்றது இது. அட்வான்ஸைக் குறைத்துப் பேசினால் பணம் ஒரு முறை மொத்தமாகக் கையில் நிற்கும். வாடகையைக் குறைத்தால் ஒவ்வொரு மாதமும் மிஞ்சும்.

பெரிய சறுக்கல் நடப்பது செறிவு ஏறும்போது. நம் கம்பெனி இதுவரை நிட்டிங்கை வெளியில் கொடுத்துச் செய்தது. திருப்பூரின் வழக்கமே அதுதான். நூலை வாங்கி, ஒரு யூனிட்டில் பின்னி, இன்னொன்றில் சாயமேற்றி, மற்றொன்றில் காம்பாக்டிங் செய்து, கடைசியில் வெட்டித் தைப்பதை மட்டும் தன் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் அங்கே ஏராளம். குறைந்த முதலில் பெரிய விற்பனை செய்ய அந்த ஊருக்கு முடிந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது முதலாளி சொந்தமாக நிட்டிங் போட முடிவு செய்கிறார். சொத்து விகிதம் 60 பைசாவிலிருந்து 75 பைசாவாகும்.

அவசரத்தில் கணக்குப் போடுபவர் சூத்திரத்தில் 60 இருந்த இடத்தில் 75 என்று மாற்றிவிடுவார். கூடுதல் விற்பனை பத்துக் கோடி, அதில் 75 சதவீதம் ஏழரைக் கோடி. ஒன்றரையும் ஒன்றரையும் போக பற்றாக்குறை நாலரைக் கோடி. மூன்று நாலரையாயிற்று, சமாளிக்கலாம் என்று தோன்றும்.

சரியான கணக்கு இது: 50 கோடி விற்பனைக்கு 75 பைசா வீதம் மொத்தச் சொத்து முப்பத்தேழரைக் கோடி. இப்போது இருப்பது 24 கோடி. வாங்க வேண்டியது பதின்மூன்றரைக் கோடி. ஒன்றரையும் ஒன்றரையும் போனால் பற்றாக்குறை பத்தரைக் கோடி. நாலரைக்கும் பத்தரைக்கும் நடுவிலுள்ள அந்த ஆறு கோடி, பழைய நாற்பது கோடி விற்பனைக்கான 15 பைசா. அந்தத் துணியையும் இனி சொந்த இயந்திரத்தில்தான் பின்னப்போகிறார்கள். சுருக்கச் சூத்திரம் அதைப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் அது விகிதம் மாறாது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. விகிதம் மாறும் வருடத்தில் அந்த அனுமானமே போய்விடுகிறது.

தப்பைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். வருட முடிவில் இருக்கப்போவதாகச் சொல்லும் சொத்தை விற்பனையால் வகுத்துப் பாருங்கள். சுருக்கச் சூத்திரப்படி 24 கோடியோடு ஏழரைக் கோடி சேர்ந்தால் முப்பத்தொன்றரை. அதை ஐம்பதால் வகுத்தால் 63 பைசாதான் வருகிறது. 75 என்று சொல்லிவிட்டு 63-இல் நிற்கும் திட்ட அறிக்கையில் எங்கோ ஓட்டை இருக்கிறது. இதைவிட நல்லது, சூத்திரத்தை நம்பாமல் வருகிற வருடத்து இருப்புநிலைக் குறிப்பையே முழுதாக எழுதிவிடுவது. சொத்துப் பக்கம் 37.5 கோடி. எதிர்ப்பக்கத்தில் தானாக வரும் கடன் 7.5, ஏற்கெனவே உள்ள கடனும் மூலதனமும் 18, தங்கிய லாபம் 1.5, மொத்தம் 27. இடையிலுள்ள பள்ளம் பத்தரை. இங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

சுருக்கச் சூத்திரம் சரியாக வரும் சூழலும் ஒன்று உண்டு. பழைய ஆர்டர்களைத் தொடர்ந்து ஜாப் ஒர்க்கிலேயே விட்டுவிட்டு, புதிய பத்துக் கோடிக்கான துணியை மட்டும் சொந்தமாகப் பின்னினால் ஏழரைக் கோடி என்பதே சரி. அப்போது கம்பெனியின் மொத்த விகிதம் 63 பைசா. அதைத்தான் அறிக்கையிலும் எழுத வேண்டும். எனவே "செறிவு ஏறுகிறது" என்று யாராவது சொன்னால், புது விற்பனைக்கு மட்டுமா மொத்தத்துக்குமா என்று கேட்காமல் ஒரு எண்ணையும் எழுதக் கூடாது.

விற்பனை ஒரு ரூபாய்கூடக் கூடாமல் செறிவு மட்டும் எகிறினால் என்ன ஆகும் என்பதையும் திருப்பூர் பார்த்திருக்கிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் அங்கே சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரில் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்ற எதிர்ச் சவ்வூடுபரவல் அமைப்பும், மிஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி ஆவியாக்கும் கொதிகலன்களும் தேவைப்பட்டன. இந்த முதலீடெல்லாம் ஏற்கெனவே சாயமேற்றிக்கொண்டிருந்த அதே துணிக்காகத்தான். விற்பனைக் கூடுதல் பூஜ்யம் என்பதால் சுருக்கச் சூத்திரம் இங்கே சொத்துத் தேவையும் பூஜ்யம் என்று சொல்லும். டிவிடெண்டை நிறுத்தி அந்தச் செலவைச் சமாளித்திருக்கலாமே என்று கேட்பவர், சாயப்பட்டறையின் ஒரு வருட லாபத்தையும் ஓர் ஆவியாக்கியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. நம் கம்பெனியின் இயந்திரங்கள் இப்போது முழுத் திறனில் ஓடவில்லை, 80 சதவீதம்தான் ஓடுகின்றன என்று வையுங்கள். 40 கோடியை 0.8-ஆல் வகுத்தால் 50 கோடி. அதாவது புது இயந்திரம் ஒன்றுகூட வாங்காமல் 50 கோடியைத் தொடலாம். 9 கோடி நிலையான சொத்து அப்படியே இருக்கும். சரக்கும் பாக்கியும் மட்டும் 15-இலிருந்து 18.75 கோடியாகும். பற்றாக்குறை முக்கால் கோடிதான். ஆடிட்டர் சொன்ன மூன்று கோடி எங்கே, இது எங்கே! அதனால் 60 பைசா என்ற விகிதத்தைப் போன வருடக் கணக்கிலிருந்து எடுப்பதற்கு முன், தையல் தளத்தில் பவர் டேபிள் எத்தனை சும்மா கிடக்கிறது என்று நடந்து போய்ப் பார்ப்பது நல்லது. அடுத்த வருடம் 51-ஆவது கோடியைத் தாண்டும்போது இயந்திரம் மொத்தமாக வாங்க வேண்டிவரும் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தை விற்பனை ஏறும் அளவுக்குத் துண்டு துண்டாக வாங்க முடியாது.

வங்கிகளும் தங்களுக்கென்று ஒரு விற்பனை விகிதம் வைத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கி 1991-இல் அமைத்த பி.ஆர். நாயக் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்தது அது. சிறு தொழிலுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம் தேவை என்று வைத்துக்கொண்டு, 20 சதவீதத்தை வங்கி தர வேண்டும், 5 சதவீதத்தை முதலாளி போட வேண்டும் என்பது கணக்கு. ஐந்து கோடி ரூபாய் வரையிலான வரம்புகளுக்கு இது பொருந்தும். நூற்றுக்கு இருபத்தைந்து என்றால் பணம் மூன்று மாதத்தில் ஒரு சுற்று சுற்றி வருகிறது என்று அர்த்தம். ஏற்றுமதிக்குச் சரக்கு அனுப்பிப் பல மாதம் காத்திருப்பவருக்கும், உள்ளூர்ச் சந்தையில் ரொக்கத்துக்கு விற்பவருக்கும் அந்த மூன்று மாதம் ஒன்றாக இருக்க முடியாது. சொந்த நிட்டிங் போடுவது போன்ற மாற்றத்தை இந்த விகிதம் பார்க்கவே பார்க்காது. அது டெர்ம் லோனின் வேலை.

இனி சொந்த நிட்டிங் கணக்குக்குத் திரும்பி, விட்டுவைத்த இரண்டு விஷயங்களைச் சேர்ப்போம். ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த கூலி மிச்சமாவதால் லாபம் 5 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகும் என்று முதலாளி எதிர்பார்க்கிறார். சரி. ஆனால் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிடம் பாக்கி வைக்கும் வசதியும் அதோடு போய்விடும். தானாக வரும் கடன் 15 பைசாவிலிருந்து 12 பைசாவாக இறங்கினால், 50 கோடியில் அது 6 கோடி. போன வருடமும் அதே 6 கோடிதான் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ரூபாயும் புதிதாக வராது. செறிவு ஏறும்போது கடன் பக்கமும் கூடவே இறங்குவதைத் திட்ட அறிக்கைகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. சொந்த நிட்டிங் போடாதவர்களுக்கும் இந்தப் பாக்கி இனி அத்தனை தாராளமில்லை. வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான பில்லை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால், உண்மையில் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும்.

இப்போது பற்றாக்குறை: சொத்துக்கு 13.5 கோடி, தானாக வரும் கடன் பூஜ்யம், லாபம் 3 கோடியில் 60 சதவீதம் 1.8 கோடி. மிச்சம் 11.7 கோடி. இதையும் கடனாக வாங்கினால் வட்டி உண்டு. பத்து சதவீத வட்டி, அதில் வரிச்சலுகையாக நாலில் ஒரு பங்கு போனால் நிகரம் ஏழரை சதவீதம். அந்த வட்டி லாபத்தைத் தின்னும், லாபம் குறைந்தால் தங்குவதும் குறையும், பற்றாக்குறை இன்னும் கூடும், அதற்கும் வட்டி. இந்தச் சுற்று நிற்கும் இடம் கிட்டத்தட்ட 12.25 கோடி. லாபம் மூன்று கோடி என்று எழுதியிருந்தது 2.08 கோடியாக இறங்கியிருக்கும். ஜாப் ஒர்க் வைத்தே நடத்திய கணக்கில் லாபம் இரண்டரைக் கோடி என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அதிலும் அந்த மூன்று கோடிக் கடனின் வட்டியைக் கழித்தால் சுமார் 2.28 கோடி. ஒரு சதவீதம் கூடுதல் லாபம் என்ற ஆசை, வட்டிக்குப் பிறகு நஷ்டத்தில் நிற்கிறது. முதல் வருடத்தில் மட்டுமாவது.

டெர்ம் லோன் ஒப்பந்தங்களில், வங்கியின் அனுமதி இல்லாமல் டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை அடிக்கடி இருக்கும். அப்படி ஒரு வங்கி மொத்த டிவிடெண்டையும் நிறுத்திவிட்டதாக வைத்து மறுபடி கணக்குப் போட்டால் பற்றாக்குறை 11.35 கோடி வருகிறது. குடும்பம் வருடம் முழுக்க ஒரு ரூபாய் எடுக்காமல் இருந்ததற்குக் கிடைத்தது தொண்ணூறு லட்சம். மீதியைத் தேட முதலாளிக்கு இருக்கும் வழி, அந்த 75 பைசாவையே மறுபடி பிரித்துப் பார்ப்பதுதான்: எல்லாத் துணியையும் சொந்தமாகப் பின்ன வேண்டுமா, இல்லை எப்போதும் கைவசம் ஆர்டர் இருக்கும் ரகத்தை மட்டும் பின்னினால் போதுமா என்று.